குறைத்தது 29 கிலோ, கூடியது 17 கிலோ



போன கிழமை எங்கள் பாடசாலையில் பிள்ளைகளுக்கு உயரமும் நிறையும் பார்த்தார்கள். வேலை முடிந்த பிறகு அந்தத் தராசு இரண்டு நாள் ஸ்டாஃப் ரூமில் கிடந்தது. ஆம்பிள சேர்மார் போகும்போதும் வரும்போதும் ஏறிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். டீச்சர்மார் பலர் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். நாங்கள் நால்வர் மட்டும் ஒருவர் பின் ஒருவராக ஏறி, இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டோம். அதைக் கண்ட ஒரு புதிய டீச்சர், "உங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் நால்வரும் கலாசாலையில் ஒரே பெட்ச். இப்போது ஒரே பாடசாலை. எல்லாருக்கும் வயது முப்பத்தைந்தைச் சுற்றித்தான். பத்துப் பன்னிரண்டு வருடமாக டயட் தொடங்குவதும், மெலிவதும், திரும்பப் போடுவதுமாக இருந்தவர்கள். ஊரில் எங்களைப் பற்றி ஒரு பகிடியும் உண்டு. எங்களுக்கு இரண்டு சைஸ் அபாயா வேண்டுமாம், ஒன்று நோன்புக்கு முந்தியதாம், மற்றது பெருநாளைக்குப் பிந்தியதாம். பகிடி பிழையில்லை. அலுமாரியைத் திறந்தால் அப்படித்தான் இருக்கும்.

எங்களில் ஒருவரின் கணக்கை மட்டும், அவருடைய சம்மதத்தோடு, முழுதாகச் சொல்கிறோம். அவர் யார் என்று கேட்க வேண்டாம். சிநேகிதி என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் சுற்று 2014. கலியாணத்துக்கு நான்கு மாதம் இருந்தது. 68 கிலோ. சோற்றை அடியோடு நிறுத்தினார். காலையில் பிளேன்டீ, பகலில் அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும், இரவில் ஒன்றுமில்லை. முதல் கிழமையிலேயே இரண்டரைக் கிலோ இறங்கியது. கலியாணத்தன்று 59. பிறகு இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர் வீடுகளிலும் விருந்து. "புள்ள, மெலிஞ்சி காய்ஞ்சி போய்ட்டா, நல்லா திண்ணக் குடுங்க" என்று மாமி தட்டை நிரப்பினார். ஒரு வருடத்தில் 72.

இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு 79. இரண்டாவது சுற்று 2018. தெரிந்த ஒருவர் விற்ற மாவைத் தண்ணீரில் கரைத்து இரண்டு வேளை குடித்தார். மூன்று மாதத்தில் 70. ஒரு டப்பாவின் விலை சம்பளத்தில் பெரிய துண்டு. வாங்க முடியாமல் போன மாதம் நிறுத்தினார். பத்து மாதத்தில் 82.

மூன்றாவது சுற்று 2021. அப்போது 83. வெறும் வயிற்றில் பார்த்த சுகர் 113. அது நீரிழிவு இல்லை, அதற்கு முந்திய படி. டொக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார். சிநேகிதி சோறு, பாண், மா எல்லாவற்றையும் விட்டு முட்டை, கோழி, மீன், தேங்காய் என்று இறங்கினார். ஐந்து மாதத்தில் 72. சுகர் 98. கிளினிக்கில் எல்லாரும் பாராட்டினார்கள். அடுத்த வருடம் என்ன நடந்தது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். 2022இல் கேஸ் வரிசை, பெற்றோல் வரிசை, முட்டையும் கோழியும் தொட முடியாத விலை. வீட்டில் எல்லாரும் எதைச் சாப்பிட்டார்களோ, அதைத்தான் அவரும் சாப்பிட்டார். 2023 தொடக்கத்தில் 85.

கொப்பியில் கூட்டிப் பாருங்கள். மூன்று சுற்றிலும் அவர் குறைத்தது 9, 9, 11. மொத்தம் 29 கிலோ. ஆனால் தொடங்கிய 68 இல் இருந்து பார்த்தால் 17 கிலோ கூடியிருக்கிறார். அதில் ஏழு பிள்ளைப்பேற்றுக் காலத்தோடு வந்தது. மிச்சம் பத்தும் டயட்டுக்குப் பிறகு வந்தது.

இதில் நாங்கள் சொல்ல வந்த பாரதூரமான விஷயம் நிறை இல்லை. நிறை திரும்பியதும் சிநேகிதி கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிட்டார். "72 என்டு பாராட்டின ஆக்களுக்கு முன்னால 85 ஓட எப்பிடிப் போய் நிக்கிறது?" என்பதுதான் காரணம். பதினாறு மாதம் போகவில்லை. களைப்பு, இரவில் அடிக்கடி எழும்பிச் சிறுநீர் கழித்தல், தாகம் எல்லாவற்றையும் வேலைப்பளு என்று நினைத்தார். 2024 ஜனவரியில் காலில் ஒரு சிறிய காயம் ஆறாமல் இழுத்தபோதுதான் இரத்தம் சோதித்தார். வெறும் வயிற்றில் 141. 126க்கு மேல் திரும்பவும் வந்தால் நீரிழிவு. திரும்பச் சோதித்தார், அதுவும் மேல்தான். மெட்போர்மின் மாத்திரை தொடங்கியது.

அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் அவர் அழுதது நிறைக்காக இல்லை. "நான் வெக்கப்பட்ட பதினாறு மாசம் தான் என்ன இங்க கொண்டுவந்தது" என்றார். அதற்குப் பிறகுதான் நாங்கள் நால்வரும் ஒரு கொப்பியை வாங்கி, புதிய டயட் தொடங்காமல், பழைய டயட்டுகளை முதலில் எழுதினோம்.

எழுதும்போது வெளிவந்த முதல் விஷயம், எங்கள் எதிர்பார்ப்பு எங்கே பிழைத்தது என்பது. எல்லாருடைய கொப்பியிலும் முதல் கிழமை இரண்டு, இரண்டரைக் கிலோ இறங்கியிருக்கிறது. அது கொழுப்பு இல்லை. நாங்கள் சாப்பிடும் சோறு, பாண், கிழங்கில் வரும் மாச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது. எல்லாமாக அரைக் கிலோ அளவில் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவு தண்ணீரும் சேர்ந்து கிடக்கிறது. சோற்றை நிறுத்தினால் முதலில் அந்தச் சேமிப்பு கரைகிறது, அதோடு தண்ணீரும் போகிறது. தராசு கீழே இறங்குகிறது. இரண்டாம் மாதத்தில் கிழமைக்கு அரைக் கிலோ இறங்கும்போது, "இனிச் சரிவராது" என்று மனம் உடைகிறது. உண்மையில் அந்த அரைக் கிலோதான் கொழுப்பு. முதல் கிழமையை வைத்துக் கணக்குப் போட்டதுதான் பிழை.

திரும்பும் பக்கத்திலும் இதே தண்ணீர்தான் எங்களை ஏமாற்றியது. ஒரு வலீமாவில் புரியாணியும் வட்டிலாப்பமும் சாப்பிட்டால் மறுநாள் தராசு ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டும். உப்பும் மாச்சத்தும் பிடித்து வைத்த தண்ணீர் அதில் பெரும்பகுதி. மூன்று நான்கு நாளில் தானாக இறங்கும். ஆனால் அந்தக் காலையில் நாங்கள் செய்தது என்ன? "எல்லாம் போச்சி, பெருநாள் முடியத் திரும்பத் தொடங்குவம்" என்று விட்டுவிட்டோம். நிறை கூடியது வலீமாவால் இல்லை. வலீமாவுக்குப் பிறகு கைவிட்ட இரண்டு மாதத்தால்.

இரண்டாவது விஷயம் பசி. மூன்றாவது சுற்றின் முடிவில் 72 இல் நின்றபோது தனக்கு இருந்த பசியைப் பற்றிச் சிநேகிதி சொல்வார். பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியில் மிஞ்சிய பாணைக்கூட விட முடியவில்லையாம். அதைத் தன் பலவீனம் என்றுதான் நினைத்தார். நீரிழிவுக்கான ஒரு வகை மாத்திரை சிறுநீரோடு சீனியை வெளியேற்றும். அதை எடுத்தவர்களுக்குத் தாங்கள் கலோரி இழப்பதே தெரியாமல் நிறை குறைகிறது. அவர்களை வைத்து ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டது இது. ஒரு கிலோ குறைய, உடம்பு எரிக்கும் அளவு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. ஆனால் பசியோ ஒரு கிலோவுக்கு 100 கலோரி அளவு கூடுகிறது. டயட் செய்கிறோம் என்று நினைக்காதவர்களுக்கே அப்படி.

இதைச் சிநேகிதியின் 11 கிலோவுக்குப் போட்டுப் பார்த்தோம். எரிக்கும் அளவு 275 கலோரி போலக் குறைந்திருக்கும். பசி 1,100 கலோரி போலக் கூடியிருக்கும். சீனியும் பால்மாவும் போட்ட ஒரு டீ ஏறக்குறைய 100 கலோரி. அப்படியென்றால் ஒவ்வொரு நாளும் பதினொரு டீக்குரிய பசியை அவர் ஒருவராக அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். ஐந்து மாதம் அடக்கினார். அதற்கு மேல் யாரால் முடியும்? இந்தப் பசி சீக்கிரம் அடங்குவதும் இல்லை. அவுஸ்திரேலியாவில் 50 பேரைக் கடும் டயட்டில் வைத்து, அது முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு பார்த்தார்கள். பசியைத் தூண்டும் ஹோர்மோன்கள் அப்போதும் பழைய நிலைக்கு வந்திருக்கவில்லை. அந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது.

இந்தக் கணக்கு எங்களுக்கு இரண்டு விதமாக உதவியது. திரும்பப் போட்டது ஒழுக்கக் கேடு இல்லை என்று விளங்கியது. அதோடு, எவ்வளவு கூடக் குறைக்கிறோமோ அவ்வளவு பெரிய பசியை நாங்களே வருடக்கணக்கில் சுமக்க வேண்டும் என்பதும் விளங்கியது. ஐந்தாறு கிலோவின் பசியைச் சுமக்கலாம். பதினொரு கிலோவின் பசியை ஒரே மூச்சில் சுமக்க எங்களால் முடியவில்லை. மூன்று தடவை முயன்று பார்த்தாகிவிட்டது.

ஊரில் இன்னொரு பேச்சும் உண்டு. "திரும்பத் திரும்ப டயட் பண்ணினா உடம்பு பழுதாகிரும், பிறகு ஒருநாளும் இறங்காது" என்பார்கள். எங்களில் இருவர் இதை நம்பித்தான் முயற்சியையே விட்டிருந்தார்கள். அது அப்படியே உண்மை இல்லை. மாதவிடாய் நின்ற 439 பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வில், பல தடவை குறைத்துக் கூட்டியவர்களும், அந்த வரலாறு இல்லாதவர்களைப் போலவே நிறை குறைந்தார்கள். தொடக்க நிறைதான் அவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. உடம்பு கதவைப் பூட்டிவிடவில்லை. நாங்கள்தான் ஒரே கதவால் போய் ஒரே கதவால் திரும்பி வந்துகொண்டிருந்தோம்.

மூன்றாவது விஷயம் இலக்கு. சிநேகிதி ஒவ்வொரு சுற்றிலும் மனதில் வைத்திருந்தது 58. அது கலாசாலைக்குப் போன வருடத்து நிறை. 1997இல் வந்த ஓர் ஆய்வை வாசித்தபோது நாங்கள் எங்களையே கண்டோம். நிறை குறைக்க வந்த 60 பெண்களிடம் தொடக்கத்திலேயே கேட்டார்கள், எவ்வளவு குறைந்தால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று. 17 கிலோ குறைந்தால்கூட ஏமாற்றம்தான் என்று சொன்னார்கள். 48 கிழமை முடிவில் சராசரியாக அவர்கள் குறைத்தது 16 கிலோ. வைத்தியர்கள் கண்ணில் அது பெரிய வெற்றி. அந்தப் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ஏமாற்றம் என்று தாங்களே வைத்த கோட்டைக்கூடத் தொட முடியவில்லை. தோற்றுவிட்டோம் என்று நினைப்பவர், கிடைத்ததைக் காவல் காக்க மாட்டார்.

58ஐ நாங்கள் கொப்பியில் இருந்து வெட்டினோம். சிநேகிதிக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் எழுதியது 79. அது 85இன் ஏழு வீதம் குறைவு. ஏழு வீதம் என்பது எங்கள் கற்பனை இல்லை. நீரிழிவுக்கு முந்திய படியில் இருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் இலக்கு அதுதான். ஏழு வீத நிறைக் குறைப்பு, கிழமைக்கு 150 நிமிட நடை. அதைப் பின்பற்றிய குழுவில், வெற்று மாத்திரை எடுத்த குழுவைவிட 58 வீதம் குறைவானவர்களுக்கே நீரிழிவு வந்தது. அது 2002இல் வெளியானது. எங்களில் மற்ற மூவரும் இன்னும் அந்தப் படியில்தான் நிற்கிறோம். சிநேகிதி அதைத் தாண்டிவிட்டார். ஆனால் அவருக்கும் சுகரை அடக்க அந்த ஆறு கிலோ உதவும் என்று டொக்டர் சொன்னார்.

பிறகு, எதைச் செய்வது என்று பார்த்தோம். ஒவ்வொரு பழக்கத்துக்கும் மூன்று கேள்வி வைத்தோம். இதை நோன்பு மாதத்தில் செய்யலாமா? கலியாண வீட்டில் செய்யலாமா? சம்பளம் முடிந்த மாதக் கடைசியில் செய்யலாமா? மாவு டப்பா மூன்றாவது கேள்வியில் விழுந்தது. கோழியும் முட்டையும் மட்டும் என்பதும் அதே கேள்வியில் விழுந்தது. இரவுச் சாப்பாட்டை நிறுத்துவது முதலாவதிலேயே விழுந்தது. சோற்றை அடியோடு விடுவது இரண்டாவதில்.

மூன்றையும் தாண்டி நின்றவை கொஞ்சம்தான். முதலாவது, டீயில் சீனி. சிநேகிதி ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி. ஐம்பது கிராம், 200 கலோரி. மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சீனி. அதைக் கடையில் வாங்கும் பக்கற்றாக நினைத்துப் பார்த்தபோது அவருக்கே திடுக்கிட்டது. ஒரே நாளில் விடவில்லை. இரண்டைக் கிழமைக்குக் கிழமை ஒன்றரை, ஒன்று, அரை என்று இறக்கினார். இரண்டாவது, பகல் சோறு. கரண்டியால் போடாமல் தேநீர்க் கோப்பையால் அளந்தார். குவித்து மூன்று கோப்பை என்றிருந்தது தட்டையாக இரண்டு கோப்பையாகியது. அந்த இடத்தைக் கீரைச் சுண்டலும் இன்னொரு மரக்கறியும் நிரப்பின. மீன் ஆணம் மாறவில்லை. மூன்றாவது, சுபஹுக்குப் பிறகு அரை மணி நேர நடை. கிழமையில் ஐந்து நாள். நாங்கள் நால்வரும் சேர்ந்தே போவோம். தனியாகப் போனால் விட்டுவிடுவோம் என்று பழைய கொப்பி சொன்னது.

2024 நோன்புப் பெருநாள் முடிந்து, ஏப்ரல் கடைசியில் தொடங்கினார். மாதத்துக்கு ஒரு கிலோதான் இறங்கியது. ஒரு மாதம் ஒன்றுமே இறங்கவில்லை. ஒக்டோபரில் 79. ஆறு மாதத்தில் ஆறு கிலோ. 2014இல் இதைவிடக் கூடுதலாக நான்கே மாதத்தில் இறக்கிய ஆள் அவர். ஒருவரும் "மெலிஞ்சிட்டீங்க" என்றுகூடச் சொல்லவில்லை. அதுவும் ஒரு நிம்மதி என்றார்.

இந்த இடத்தில்தான் இந்தச் சுற்று பழைய சுற்றுகளில் இருந்து பிரிந்தது. 79ஐத் தொட்டதும் "இன்னும் ஐந்து" என்று போகவில்லை. நான்கு மாதம் குறைக்கவே கூடாது, இருந்த இடத்தில் நிற்க மட்டும் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தோம். குறைப்பது ஒரு வேலை, நிற்பது வேறொரு வேலை. முதல் வேலையை மூன்று தடவை செய்து பழகிய ஆள், இரண்டாவதை ஒருநாளும் செய்து பார்த்ததில்லை.

நிற்பதற்கு நாங்கள் எடுத்த முறை, நிறை குறைத்த 314 பேரை வைத்து அமெரிக்காவில் செய்து 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் உள்ளது. நாளாந்தம் நிறை பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்வது. பிடித்து வைத்த நிறையைவிட 1.4 கிலோவுக்குள் கூடினால் பச்சை. அதற்கு மேல் 2.3 வரை மஞ்சள். 2.3ஐத் தொட்டால் சிவப்பு. நேருக்கு நேர் கூடி இதைச் செய்த குழுவில் பதினெட்டு மாதத்தில் 2.3 கிலோவோ அதற்கு மேலோ திரும்பப் போட்டவர்கள் 46 வீதம். செய்திமடல் மட்டும் கிடைத்த குழுவில் 72 வீதம். பாருங்கள், நல்ல முறையிலும் பாதிக்குக் கிட்டத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் தொடங்கினோம்.

ஒரு மாற்றம் மட்டும் செய்தோம். ஒவ்வொரு நாள் இலக்கத்தையும் நம்பவில்லை. வலீமாத் தண்ணீர் இருக்கிறது, மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் உடம்பு பிடிக்கும் தண்ணீரும் இருக்கிறது. ஏழு நாளையும் கூட்டி ஏழால் பிரித்து, வெள்ளிக்கிழமை வரும் சராசரிக்குத்தான் நிறம் போட்டோம். மஞ்சள் என்றால் மூன்று கேள்வி. டீயில் சீனி திரும்ப வந்ததா? சோற்றுக் கோப்பை குவிந்ததா? எத்தனை நாள் நடந்தோம்? சிவப்பு என்றால் மூன்று நாள் சாப்பிட்டதை எல்லாம் எழுத வேண்டும், மற்ற மூவருக்கும் சொல்ல வேண்டும். பச்சையோ சிவப்போ, கிளினிக் திகதி தவறக் கூடாது. இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதினோம்.

சோதனை 2025 நோன்பில் வந்தது. நோன்பு பிடிப்பது பற்றி டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, மாத்திரை நேரத்தை மாற்றிக்கொண்டுதான் சிநேகிதி நோன்பு பிடித்தார். சுகருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இதைக் கேட்காமல் செய்ய வேண்டாம். சில மருந்துகளோடு பட்டினி கிடந்தால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கும். நோன்போ டயட்டோ, இரண்டுக்கும் இது பொருந்தும்.

பெருநாள் முடிந்த முதல் வெள்ளி, சராசரி 81.4. 79இல் இருந்து 2.4 மேலே. சிவப்பு. பழைய சிநேகிதி என்றால் அன்றோடு கொப்பியை மூடியிருப்பார். இந்தத் தடவை மூன்று நாள் எழுதினார், நோன்பு மாதத்தையும் நினைவில் இருந்து எழுதினார். கஞ்சியில் பிழை இல்லை. தராவீஹ் முடிந்து வந்து குடித்த சீனி போட்ட இரண்டு டீ, நோன்பு திறக்கும்போது ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று சமோசாவோ ரோல்ஸோ, முப்பது நாளும் நடக்காதது. மூன்றும்தான். டீயின் பழக்கம் பெருநாளைக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

மூன்றையும் ஒரே நாளில் திருத்தவில்லை. முதல் கிழமை சீனி மட்டும். இரண்டாவது கிழமை நடை. மூன்றாவது கிழமை சோற்றுக் கோப்பை. எண்ணெய்ப் பலகாரம் பெருநாளோடு தானாகவே நின்றது. ஒன்பதாவது கிழமை 79.6. பச்சை. நான்கு சுற்றுகளில் முதல் தடவையாக, கூடிய நிறையைப் பத்துக் கிலோவாக வளர விடாமல் இரண்டரைக் கிலோவில் பிடித்தார். அன்றைக்கு அவர் சந்தோசப்பட்டதைப் போல் 59இல் நின்ற கலியாணத்தன்றுகூடச் சந்தோசப்பட்டிருக்க மாட்டார்.

இன்று 80.1. 79ஐத் தொட்டுப் பதினைந்து மாதமாகிறது. கடைசியாகப் பார்த்த சுகர், மாத்திரையோடு, 108. மாத்திரை நிற்கவில்லை, நிற்கும் என்று நாங்கள் சொல்லவும் இல்லை. காயம் எப்போதோ ஆறிவிட்டது.

எல்லாருக்கும் இப்படி நடந்தது என்று நினைக்க வேண்டாம். எங்களில் இன்னொருவர் ஒரு கிலோவும் குறையவில்லை. 76இல் தொடங்கி 76இலேயே இருக்கிறார். ஆனால் அதற்கு முந்திய ஐந்து வருடமும் வருடத்துக்கு இரண்டு கிலோ கூடிக்கொண்டு வந்தவர் அவர். அவருக்கு நின்றதே பலன். மூன்றாமவர் நான்கு கிலோ குறைந்து மூன்று போட்டு, இப்போது சிவப்பில் நிற்கிறார். நான்காமவர் இரண்டாவது மாதமே விட்டுவிட்டார். வீட்டில் உம்மாவுக்குச் சுகமில்லாத காலம். ஆறு மாதம் கழித்துத் திரும்ப வந்தபோது நாங்கள் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கொப்பியில் அவருடைய பக்கத்தைத் திறந்து கொடுத்தோம், அவ்வளவுதான்.

அடுத்த தடவை தொடங்க நினைக்கும் டீச்சர்மார், ராத்தாமார், தங்கச்சிமாருக்கு நாங்கள் சொல்வது இது. என்ன டயட் என்று கேட்பதற்கு முதல் ஒரு கொப்பி எடுங்கள். பழைய சுற்றுகளை எழுதுங்கள். எந்த நிறையில் தொடங்கினீர்கள், எங்கே முடிந்தது, எந்த மாதம் விட்டீர்கள், அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது. நீங்கள் விழுந்த இடம் அதில் தெரியும். அடுத்த தடவையும் அந்த இடம் வரும். வரும்போது என்ன செய்வது என்று இப்போதே எழுதி வையுங்கள். எத்தனை கிலோ கூடினால் எழும்புவீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலியாண வீட்டில் ஒருவரைக் கண்டதும் "திரும்பப் போட்டுட்டீங்களே" என்று சொல்லாதீர்கள். நீங்கள் அதை மறந்துவிடுவீர்கள். கேட்டவர் அதைச் சுமந்துகொண்டு கிளினிக் வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிடுவார். எங்கள் சிநேகிதி அப்படித் திரும்பி வந்தவர்தான்.

உங்களில் யாராவது நிறை கூடியதற்கு வெட்கப்பட்டுக் கிளினிக் திகதியைத் தவறவிட்டிருந்தால், இந்தக் கிழமை போங்கள். போக ஒரு துணை வேண்டுமென்றால் எங்களுக்குச் சொல்லுங்கள், எங்களில் ஒருவர் கூட வருவோம். எங்களுக்காகவும் துஆ செய்யுங்கள்.